அமைச்சர் மாறினாலும் செயலாளர் மாறாதது ஏன்?

வானொலியில் புதிய அமைச்சரவையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நேயர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அமைச்சர் இருக்கும்போது நிரந்தரச் செயலாளர் எதற்கு?”

சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின்படி, அமைச்சின் பொதுவான போக்கை முடிவு செய்பவர் அமைச்சர். அதற்கு உட்பட்டு அதிகாரிகளை மேற்பார்வையிட்டு வேலையை நடத்துபவர் நிரந்தரச் செயலாளர். அமைச்சர் தமக்குப் பிடித்த ஒருவரை அந்தப் பதவியில் அமர்த்திவிட முடியாது. பொதுச் சேவை ஆணையம் தரும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் பிரதமர் ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். முதியோருக்குப் பேருந்துப் பயணத்தை இலவசமாக்க அமைச்சர் ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு செலவாகும், பணம் எங்கிருந்து வரும், யார் விடுபடுவார்கள் என்பதைச் செயலாளர் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகும் அமைச்சர் “செய்வோம்” என்றால், தமக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் முழு மனதோடு செய்துமுடிக்க வேண்டும். மக்கள் வாக்களித்தது அமைச்சருக்குத்தான். ஆனால் தேர்தல் நெருங்கும் நேரத்தில், “என் தொகுதிக்கு மட்டும் முதலில் கொடுங்கள்” என்று அமைச்சர் சொன்னால், அங்கே அதிகாரி மறுத்தாக வேண்டும். அது கட்சிக்குச் செய்யும் வேலை.

அப்படியானால் நடுநிலை என்பது அரசியலே தெரியாமல் இருப்பதா? 1959ஆம் ஆண்டில் இந்தக் கேள்வி நம் நாட்டிலேயே எழுந்தது. அந்த மே மாதத் தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐ வென்றது. அதுவரை பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் ஆங்கிலத்தில் கோப்பு நகர்த்திய அதிகாரிகள்தான் புதிய அரசுக்கும் வேலை செய்ய வேண்டியிருந்தது. நாட்டில் என்ன கொந்தளிக்கிறது என்பது அவர்களில் பலருக்குப் புரியவில்லை என்று தலைவர்கள் கருதினார்கள். அதனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி, குட்வுட் ஹில்லில் மூத்த அதிகாரிகளுக்காக ஓர் அரசியல் கல்வி நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஜார்ஜ் தாம்சன், அவரும் ஓர் அரசாங்க அதிகாரிதான்.

இது நடுநிலையைக் கெடுக்காதா என்று நானும் யோசித்ததுண்டு. அரசின் நோக்கத்தைப் புரிந்துகொள்வது அதிகாரியின் வேலை, கட்சியின் வெற்றிக்கு உழைப்பது அவர் வேலை அல்ல. ஆனால் 1959 முதல் ஒரே கட்சி ஆளும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

அண்டை நாடான மலேசியாவில் அது 2018ல் தெரிந்தது. 61 ஆண்டுகளுக்குப் பிறகு மே 9ஆம் தேதி ஆட்சி மாறியது. மறுநாள் இரவு புதிய பிரதமர் பதவியேற்றார். பழைய அரசின் தலைமைச் செயலாளர் அலி ஹம்சா, ஆகஸ்ட் வரை புதிய அரசிலும் அதே பதவியில் இருந்தார். உயர் அதிகாரிகள் சிலர் மாற்றப்பட்டார்கள், உண்மைதான். ஆனாலும் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பழைய ஊழியர்களோடு வழக்கம்போல இயங்கின. நம் ஊர்ச் செயலாளர்களுக்கு இன்னும் அப்படி ஒரு காலை விடியவில்லை.