எந்தத் தேடலுக்கு எந்தப் பக்கம்?

கோவையில் டேபிள் டாப் கிரைண்டர் செய்து, சொந்த இணையதளம் வழியாகத் தமிழகம் முழுக்க விற்கும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் கடைகளில் அடுக்கி வைக்கப் பெரிய நிறுவனங்களோடு இந்தப் பட்டறையால் போட்டி போட முடியாது. அதனால் மாதம் 15,000 ரூபாய் ஒதுக்கி கூகுளில் தேடல் விளம்பரம் கொடுக்கிறது. கிரைண்டர் சம்பந்தமாக யார் எதைத் தேடினாலும் ஒரே விளம்பரம் காட்டப்படுகிறது. அதைத் தொட்டால் இணையதளத்தின் முகப்புப் பக்கம் திறக்கிறது.

மாதக் கடைசியில் 23 ஆர்டர்கள். ஓர் ஆர்டருக்குச் சுமார் 652 ரூபாய் விளம்பரச் செலவு. ஒரு கிரைண்டரில் கையில் நிற்பது 900 ரூபாய் என்றால், லாபம்தானே என்று தோன்றும். இந்த எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் அந்தச் சராசரி எதை மறைக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் தினமும் பார்ப்பதுதான்.

விளம்பரக் கணக்கில் ‘தேடல் சொற்கள்’ என்றொரு அறிக்கை இருக்கும். விளம்பரம் கொடுத்தவர் தேர்ந்தெடுத்த கீவேர்டுகளின் பட்டியல் வேறு. மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்தபோது விளம்பரம் வந்தது என்பதைக் காட்டுவது இந்த அறிக்கை. ரகசியத்தன்மை கருதி எல்லாத் தேடல்களையும் கூகுள் காட்டுவதில்லை என்றாலும், காட்டுவதே போதும். நம் பட்டறையின் அறிக்கையைத் திறந்தால் மூன்று விதமான மனிதர்கள் தெரிவார்கள். ஒருவர் ‘இட்லி மாவு ஏன் புளிக்கவில்லை’ என்று கேட்கிறார். இன்னொருவர் ‘டில்டிங் கிரைண்டர் டேபிள் டாப் எது நல்லது’ என்கிறார். மூன்றாமவர் ‘2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் ஆன்லைன் ஆர்டர்’ என்கிறார். முதலாமவருக்கு விளக்கம் வேண்டும், இரண்டாமவருக்கு ஒப்பீடு வேண்டும், மூன்றாமவர் பணத்தோடு வந்திருக்கிறார்.

தேடலை அதன் நோக்கத்தை வைத்துப் பிரிக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஆந்த்ரே பிராடர் 2002-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை அடித்தளமாகச் சொல்வார்கள். அவர் சொன்ன மூன்று: தகவல் தேடுவது, குறிப்பிட்ட ஒரு தளத்துக்குப் போக விரும்புவது, ஏதாவது ஒரு காரியத்தை முடிக்க வருவது. ஒப்பிட்டுப் பார்ப்பவர் என்ற தனிப் பிரிவைப் பின்னால் சந்தைப்படுத்துபவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். விற்பவருக்கு அதிகம் தேவைப்படுவது அந்தப் பிரிவுதான் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த 15,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். தகவல் தேடியவர்களின் கிளிக் மலிவு, மூன்று ரூபாய். 2,000 பேர் வந்தார்கள், செலவு 6,000, ஆர்டர் இரண்டு. ஒப்பிட்டவர்களின் கிளிக் ஆறு ரூபாய். 900 பேர், செலவு 5,400, ஆர்டர் ஒன்பது. வாங்க வந்தவர்களின் கிளிக்குக்குப் போட்டி அதிகம், பன்னிரண்டு ரூபாய். 300 பேர், செலவு 3,600, ஆர்டர் பன்னிரண்டு. ஆக, ஓர் ஆர்டருக்கான செலவு முறையே 3,000, 600, 300 ரூபாய். மலிவான கிளிக்தான் மிக விலை உயர்ந்த ஆர்டரைத் தந்திருக்கிறது. 652 என்ற சராசரியை மட்டும் பார்ப்பவர் பன்னிரண்டு ரூபாய் கிளிக்கைக் குறைக்கப் பார்ப்பார். குறைக்க வேண்டியது அது அல்ல.

பிரிப்பது எப்படி? சொற்களே பாதி வேலையைச் செய்துவிடும். ‘எப்படி’, ‘ஏன்’ என்று வந்தால் தகவல்; ‘எது நல்லது’, ‘வித்தியாசம்’ என்று வந்தால் ஒப்பீடு; ‘வாங்க’, ‘ஆர்டர்’, ‘இஎம்ஐ’, ‘அருகில்’ என்று வந்தால் கொள்முதல். ஆனால் ‘கிரைண்டர் விலை’ என்ற தேடலை எதில் சேர்ப்பது? விலை கேட்பதால் வாங்க வந்தவர் என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். எந்த வகை, எத்தனை லிட்டர் என்றே அவர் இன்னும் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர் சந்தையில் என்ன விலைக்கு என்ன கிடைக்கிறது என்று நோட்டம் விடுகிறார். ‘2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் விலை’ என்றால் அவர் வெகுதூரம் வந்துவிட்டார்.

சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லைத் தேடி, கூகுள் என்ன காட்டுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனை. விளம்பரமல்லாத முடிவுகளில் வீடியோவும் கட்டுரையும் நிறைந்திருந்தால் அது தகவல் தேடல். ‘சிறந்த பத்து கிரைண்டர்கள்’ மாதிரிப் பட்டியல்கள் மேலே நின்றால் ஒப்பீடு. விலையோடு கூடிய படங்களும் கடைகளின் வரைபடமும் வந்தால் கொள்முதல். அதே சொல்லைத் தட்டிய பலர் எதைத் தொட்டார்கள் என்பதையும் கணக்கில் கொண்டு அடுக்கப்பட்ட முடிவுகள் என்பதால், நம் ஊகத்தைவிட இது நம்பகமானது. பார்ப்பதற்கு விளம்பரக் கணக்கில் உள்ள முன்னோட்டக் கருவியையே பயன்படுத்தலாம். சொந்த விளம்பரத்தைத் தானே தேடிப் பார்த்துத் தொடாமல் விட்டால், அதன் கிளிக் விகிதம் வீணாகக் குறையும்.

பிரித்த பின் மூன்று ஆட் குரூப்கள், மூன்று விதமான விளம்பர வாசகங்கள், மூன்று பக்கங்கள். ஒரு தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். தமிழில் அது சட்டென்று தீர்ந்துவிடும். அதனால் தேடியவரின் சொல்லையே எடுத்து வைப்பது நல்லது. வாங்க வந்தவருக்கு ‘2 லிட்டர் கிரைண்டர் ₹4,800’. ஒப்பிடுபவருக்கு ‘டில்டிங்கா, டேபிள் டாப்பா?’. தகவல் தேடுபவருக்கு ‘மாவு ஏன் புளிக்கவில்லை?’. விலையை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் 3,000 ரூபாய்க்குள் தேடுபவர் தொடமாட்டார். அந்தப் பன்னிரண்டு ரூபாய் மிச்சம்.

வாங்க வந்தவர் இறங்கும் பக்கம் அந்த 2 லிட்டர் கிரைண்டரின் பக்கமாகவே இருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன அதே விலை, டெலிவரி எத்தனை நாள், உத்தரவாதம் எவ்வளவு, பழுதானால் எந்த ஊரில் சர்வீஸ், வாங்கும் பொத்தான். இவை செல்போன் திரையில் அதிகம் தள்ளாமல் தெரிய வேண்டும். பட்டறையின் வரலாற்றை இங்கே வைக்கத் தேவையில்லை.

ஒப்பீட்டுப் பக்கம்தான் கடினம். பெரும்பாலான விற்பனையாளர்கள் தோற்பதும் இங்கேதான். தலைப்பில் ஒப்பீடு என்று போட்டுவிட்டு, உள்ளே தன் பொருளின் புகழை மட்டும் எழுதுகிறார்கள். வந்தவருக்கு அது இரண்டே பத்தியில் தெரிந்துவிடுகிறது; திரும்பிப் போய் அடுத்த முடிவைத் தொடுகிறார். நேர்மையான பக்கம் தன் பொருள் யாருக்கு உதவாது என்பதையும் சொல்லும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு டேபிள் டாப் போதும். பாத்திரத்தைத் தனியே எடுத்துக் கழுவலாம், மேடையில் இடம் குறைவு. கூட்டுக் குடும்பத்துக்கும் மாவு விற்பவருக்கும் டில்டிங் வசதி. பாத்திரத்தைச் சாய்த்து மாவை ஊற்றிவிடலாம், ஆனால் கனம் அதிகம், அடிக்கடி இடம் மாற்ற முடியாது. 2 லிட்டர் என்பது பாத்திரத்தின் கொள்ளளவு, அத்தனை அரிசி போட முடியாது என்பதையும் எழுத வேண்டும். வாங்கிய பின் வரும் புகாரில் பாதி அதில் குறையும். மிக்ஸியே போதாதா என்ற கேள்வியையும் ஒதுக்கக் கூடாது. மிக்ஸியில் மாவு சீக்கிரம் சூடாகும், கல்லில் அரைக்கும்போது அவ்வளவு சூடேறாது. அதே நேரம் சட்னிக்காகக் கிரைண்டர் வாங்க வேண்டியதில்லை. பக்கத்தின் முடிவில் ‘இப்போதே வாங்குங்கள்’ என்பதைவிட, ‘உங்கள் வீட்டில் எத்தனை பேர்?’ என்று கேட்டு வாட்ஸ்அப்புக்கு அழைப்பது பொருந்தும்.

மாவு புளிக்காதவருக்குக் கிரைண்டரைக் காட்டினால் அவர் கேட்டதற்குப் பதில் இல்லை. குளிர், உளுந்தின் பழமை, ஊறிய நேரம், தண்ணீரின் அளவு என்று அவருடைய சிக்கலைத் தீர்க்கும் பக்கம் வேண்டும். அரைக்கும்போது மாவு சூடாவதும் ஒரு காரணம் என்று வரும் இடத்தில் ஒப்பீட்டுப் பக்கத்துக்கு ஓர் இணைப்பு போதும். அவரிடம் ஆர்டரை எதிர்பார்ப்பது தவறான அளவுகோல். அந்த இணைப்பை எத்தனை பேர் தொட்டார்கள் என்பதைத்தான் அங்கே எண்ண வேண்டும்.

இப்படிப் பிரித்தாலும் தடுப்புச் சுவர் கசியும். இப்போது ‘எக்ஸாக்ட் மேட்ச்’ என்று கொடுத்தால்கூட, அதே பொருள் தரும் வேறு தேடல்களுக்கும் விளம்பரம் வரும். ‘பிராட் மேட்ச்’ இன்னும் தாராளம். வெறும் ‘கிரைண்டர்’ என்று விட்டால் இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரும் காபிக் கொட்டை அரைக்கும் கருவியும் தேடுபவர்கள் வருவார்கள். அடைப்பது நெகட்டிவ் கீவேர்டு. வாங்குபவர் குழுவில் ‘சர்வீஸ்’, ‘ஸ்பேர்’, ‘பெல்ட்’, ‘செகண்ட் ஹேண்ட்’, ‘எப்படி’ ஆகியவற்றை விலக்க வேண்டும். கிரைண்டர் பெல்ட் தேடுபவரிடம் கிரைண்டர் ஏற்கெனவே இருக்கிறது. நெகட்டிவ் சொல் தன் ஒத்த பொருள் சொற்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே ‘சர்வீஸ்’ போட்டால் ‘ரிப்பேர்’ நிற்காது, ‘பழுது’ம் நிற்காது. தமிழில் எழுதியது, ஆங்கில எழுத்தில் தட்டியது, ஒருமை, பன்மை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.

பொருத்தம் எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்க ‘குவாலிட்டி ஸ்கோர்’ உதவும். ஒவ்வொரு கீவேர்டுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண். அந்த எண்ணைவிட அதன் மூன்று உறுப்புகளைப் பார்ப்பதே பயன்: எதிர்பார்க்கும் கிளிக் விகிதம், விளம்பரத்தின் பொருத்தம், இறங்கும் பக்கத்தின் அனுபவம். பொருத்தம் ‘சராசரிக்குக் கீழே’ என்றால் ஒரே குழுவில் இரண்டு நோக்கங்களைக் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். முதல் இரண்டும் நன்றாக இருந்து பக்கம் மட்டும் கீழே என்றால், விளம்பரம் கொடுத்த வாக்கைப் பக்கம் காப்பாற்றவில்லை, அல்லது பக்கம் செல்போனில் மெதுவாகத் திறக்கிறது.

கணக்கைப் பார்த்த முதலாளி, தகவல் விளம்பரத்தை நிறுத்திவிடலாமே என்பார். அவசரப்பட வேண்டாம். மாவு புளிக்காத காரணம் தேடி வந்தவர், இருபது நாள் கழித்து அந்தப் பெயரையே தேடி வந்து வாங்கியிருக்கலாம். கடைசிக் கிளிக்குக்கு மட்டும் பெருமை தரும் கணக்கில் அது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி, ஊர் வாரியாகச் சோதிப்பது. மதுரையில் தகவல் விளம்பரத்தை நிறுத்தி, திருச்சியில் தொடர்ந்து, இரண்டு ஊர்களின் மொத்த ஆர்டர்களையும் ஒரே காலத்தில் ஒப்பிட வேண்டும். போன மாதத்தோடு ஒப்பிட்டால் ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் கணக்கைக் குழப்பிவிடும். மாதம் 23 ஆர்டர் வாங்கும் பட்டறைக்கு ஓர் ஊரில் இரண்டு மூன்றுதான் விழும்; அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் மதுரை, திருச்சி என்று இரண்டோடு நிற்காமல் மாவட்டங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, மூன்று மாதமாவது ஓடவிட்டு, ஆர்டரோடு வாட்ஸ்அப் விசாரணைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். அதுவரை தகவல் விளம்பரத்தின் 6,000-ஐ 2,000-ஆகக் குறைத்து, மீதி நாலாயிரத்தை ஒப்பீட்டுக் குழுவுக்கு மாற்றுவதுதான் நான் சொல்வது. வாங்க வந்தவர்களின் தேடல் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு; எவ்வளவு பணம் வைத்தாலும் தேடாதவரைத் தேட வைக்க முடியாது. ஒப்பிடுபவர்களிடம் இன்னும் இடம் இருக்கிறது.