கட்டம் எண்ணி இலையை அளப்போம்

ஒரு புத்தக அட்டையின் பரப்பை அறிய அதன் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் போதும். பூவரசு இலைக்கு அது செல்லாது. அதன் அடிப்பக்கம் குழிந்தும், ஓரம் வளைந்தும், நுனி கூர்ந்தும் இருக்கிறது. ஆனால் ஓர் இலை எவ்வளவு ஒளியை ஏற்கிறது, எவ்வளவு நீராவியை வெளியிடுகிறது என்று கணக்கிட வேண்டுமானால் அதன் பரப்பு தெரிந்தாக வேண்டும். இதற்கு ஒரு வரைபடத்தாளும் கூரிய பென்சிலும் போதும்.

இலையைப் பறித்தவுடனே அளக்க வேண்டும். வாடிய இலை சுருங்கிவிடும். ஒரு செ.மீ. கட்டங்கள் உள்ள தாளின்மீது இலையை மடிப்பின்றிப் பரப்பி, அசையாமல் அழுத்திக்கொண்டு, ஓரத்தை ஒட்டிக் கோடு வரையுங்கள். காம்பைச் சேர்க்க வேண்டாம். பின்னர் இலையை எடுத்துவிட்டு, கோட்டுக்குள் முழுமையாக அடங்கிய கட்டங்களை எண்ணுங்கள். ஓரக் கட்டங்களில் பாதிக்கு மேல் இலை உள்ளதை ஒன்று என்றும், சரிபாதி உள்ளதை அரை என்றும் கொள்ளுங்கள். பாதிக்குக் குறைந்ததை விட்டுவிடுங்கள்.

ஓர் இலையில் முழுக் கட்டங்கள் 52, பாதிக்கு மேற்பட்டவை 20, சரிபாதி 2, பாதிக்குக் குறைந்தவை 20 என்று கொள்வோம். அப்படியானால் பரப்பு 52 + 20 + 1 = 73 ச.செ.மீ.

இந்த விடையை எவ்வளவு நம்பலாம்? முழுக் கட்டங்களை மட்டும் எண்ணினால் 52. ஓரக் கட்டங்கள் 42-ஐயும் முழுமையாகச் சேர்த்தால் 94. உண்மைப் பரப்பு இவ்விரண்டுக்கும் இடையில்தான் இருக்க முடியும். இடைவெளி பெரிதுதான். ஆயினும் ஒரு கட்டத்தில் நாம் கூட்டிக்கொள்வதை மற்றொரு கட்டத்தில் விட்டுவிடுவது ஏறக்குறைய ஈடுசெய்துவிடுகிறது. ஆகவே 73 என்பது உண்மைக்கு அருகிலேயே இருக்கும்.

இதைச் சோதிக்க அதே கோட்டுப் படத்தை அரை செ.மீ. கட்டங்களாகப் பிரித்து எண்ணலாம். இப்போது முழுக் கட்டங்கள் 251, பாதிக்கு மேற்பட்டவை 43, குறைந்தவை 41 என்று கிடைத்தால், கூட்டுத்தொகை 294. நான்கு சிறு கட்டங்கள் ஒரு ச.செ.மீ. ஆதலால் பரப்பு 73.5 ச.செ.மீ. எல்லைகளும் நெருங்கிவிட்டன: குறைந்தது 62.75, மிகுந்தது 83.75. கட்டத்தின் பக்கம் பாதியானபோது ஓரக் கட்டங்கள் இருமடங்காயின. ஆனால் ஒவ்வொன்றின் பரப்பும் கால்பங்காயிற்று. ஐயத்துக்குரிய பரப்பு பாதியாகக் குறைந்ததன் காரணம் இதுவே.

எண்ணிக்கையைவிடப் பென்சில் செய்யும் பிழை சில வேளைகளில் பெரிது. பென்சிலைச் சாய்த்துப் பிடித்ததால் கோடு சுற்றிலும் ஒரு மி.மீ. வெளியே தள்ளிப்போயிற்று என்க. இந்த இலையின் ஓரத்தை நூலால் அளந்தால் ஏறத்தாழ 33 செ.மீ. வருமானால், கூடுதலாகச் சேரும் பரப்பு 33 × 0.1 = 3.3 ச.செ.மீ. இது எல்லாப் பக்கமும் ஒரே திசையில் ஏற்படும் பிழை, ஒன்றையொன்று ஈடுசெய்யாது. கட்டத்தை எவ்வளவு சிறிதாக்கினாலும் இது நீங்காது. கோடு வரைந்தபின் இலையை மறுபடி அதன்மேல் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளைத் தாள் தெரிந்தால் மீண்டும் வரைவதே நல்லது.

பாதிக் கணக்கு பொய்த்துப்போகும் இடமும் உண்டு. புளியின் சிற்றிலை ஒன்று 0.8 ச.செ.மீ. பரப்புள்ளது என்று கொள்வோம். அது இரண்டு கட்டங்களின் நடுக்கோட்டின்மேல் கிடந்தால் ஒவ்வொன்றிலும் 0.4 பங்குதான் விழும். இரண்டையும் விட்டுவிட்டால் விடை பூச்சியம்! இத்தகைய சிறிய, குறுகிய இலைகளுக்கு மி.மீ. கட்டங்களையே எண்ண வேண்டும்.

செடியிலேயே வளர்ந்துகொண்டிருக்கும் இலையைப் பறிக்க முடியாதே, அதை எப்படி அளப்பது? அதற்கும் கட்டக் கணக்கே வழிகாட்டுகிறது. நம் பூவரசு இலையின் நீளம் 11.4 செ.மீ., மிகுந்த அகலம் 9.2 செ.மீ. என்றால் பெருக்குத்தொகை 104.9. பரப்பாகிய 73.5-ஐ இதனால் வகுத்தால் 0.70 கிடைக்கும். சிறிதும் பெரிதுமாகப் பத்து இலைகளுக்கு இந்த எண்ணைக் கண்டு சராசரி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செடியிலுள்ள இலையின் நீள அகலங்களை அளவுகோலால் அளந்து, இந்த எண்ணால் பெருக்கினால் போதும். நெல்லின் இலைக்கு 0.75 என்ற எண்ணை ஆய்வாளர்கள் வழக்கமாகக் கொள்வதும் இம்முறையில்தான். எண் ஒவ்வோர் இனத்துக்கும் வேறுபடும். பூவரசின் எண்ணை வேறு மரத்துக்குப் பயன்படுத்தலாகாது. பத்து இலைகளின் எண்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட்டால், அந்த இனத்துக்கு இக்குறுக்குவழி பொருந்தாது என்று அறியலாம். அங்கே இலைக்கு இலை கட்டம் எண்ணித்தான் ஆக வேண்டும்.