ஐந்து கோடுகளில் ஒரு திசைப்புலம்

dy/dx = x − y. இந்த வகைக்கெழுச் சமன்பாடு, தாளில் எந்தப் புள்ளியைத் தொட்டாலும் தீர்வு வளைகோடு அங்கே எந்தச் சாய்வில் போகும் என்று சொல்லிவிடும். புள்ளிக்குப் புள்ளி அந்தச் சாய்வில் ஒரு சிறு கோடு கீறினால் கிடைப்பது திசைப்புலம். ஆனால் இரண்டு அச்சுகளிலும் −3 முதல் 3 வரை அரை அலகு இடைவெளியில் கீறப் புறப்பட்டால் 169 புள்ளிகள். கணினிக்கு அது நொடி வேலை. தேர்வு எழுதும் மாணவருக்குக் கை வலிதான் மிச்சம்.

இதற்குக் குறுக்குவழி, கேள்வியைத் திருப்பிப் போடுவது. இந்தப் புள்ளியில் சாய்வு என்ன என்று கேட்பதை விட்டு, சாய்வு 0 ஆக இருக்கும் புள்ளிகள் எவை என்று கேட்கலாம். x − y = 0, அதாவது y = x என்ற கோடு முழுவதும். அதை மெல்லிய பென்சிலால் வரைந்து, அதன்மேல் படுக்கைவாட்டில் சிறு கீறல்கள் போட்டால் போதும். அடுத்து y = x − 1; அங்கே எங்கும் சாய்வு 1. y = x − 2 மீது சாய்வு 2. மறுபக்கம் y = x + 1 மீது −1, y = x + 2 மீது −2. இவைதான் சமசாய்வுக் கோடுகள். ஐந்தே கோடுகளில் படம் எழுந்து நிற்கும். இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுகோல் வைக்க மறந்தால் மட்டும், சாய்வு 1 என்பது 45 பாகையாகத் தெரியாது.

இனி (0, 1) என்ற புள்ளியிலிருந்து கீறல்களின் போக்கில் பென்சிலை ஓட்டலாம். முதலில் சாய்வு −1, கீழே இறங்குகிறது. y = x கோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில் ஒரு கணம் படுத்து, பிறகு ஏறுகிறது. சூத்திரத்தால் தீர்த்துப் பார்த்தாலும் அந்தத் தாழ்முனை x = 0.69 அருகேதான் வருகிறது.

பலர் சறுக்குவது இங்கேதான்: படுக்கைக் கீறல்கள் கொண்ட y = x கோட்டையே தீர்வு என்று எண்ணிவிடுவார்கள். அந்தக் கோட்டின் சாய்வு 1, அதன்மேல் உள்ள கீறல்களின் சாய்வோ 0. இரண்டும் பொருந்தாததால் தீர்வுகள் அதைக் கடந்து போகும். y = x − 1 கோட்டில் மட்டும் இரண்டும் 1. ஆகவே அது சமசாய்வுக் கோடு மட்டுமல்ல, தீர்வும்கூட. வலப்பக்கம் போகப் போக மற்ற தீர்வுகளெல்லாம் அதை நெருங்கும், தொடாது.

எல்லாச் சமன்பாட்டுக்கும் நேர்கோடுகள் வாய்ப்பதில்லை. dy/dx = x² + y² என்பதில் சமசாய்வுக் கோடுகள் வட்டங்கள்: ஆரம் 1 உள்ள வட்டத்தில் சாய்வு 1, ஆரம் 2 உள்ளதில் சாய்வு 4. சாய்வு 0 ஆகும் இடம் ஆதிப்புள்ளி ஒன்றே. யோகான் பெர்னூலி 1694-லேயே எடுத்துக்கொண்ட சமன்பாடு இது. பழக்கமான சார்புகளையும் தொகையீட்டையும் மட்டும் கொண்டு இதைத் தீர்க்க முடியாது என்று லியூவில் 1841-இல் நிறுவினார். வட்டங்களை வரைந்து வளைகோட்டின் உருவத்தைப் பார்க்க ஒரு காம்பஸ் போதும்.