ஒரே தலையில் மூன்று முடி

உச்சியில் கரும்பழுப்பு, காதுக்குக் கீழே செம்மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பு, முதுகைத் தொடும் நுனியில் மைக்கருப்பு. இப்படிப் பட்டை பட்டையாக நிறம் மாறிய கூந்தலோடு பார்லருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றையேதான் கேட்கிறார்கள்: "எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடுங்கள்." கேட்பது எளிது. ஆனால் ஒரே கிண்ணத்தில் ஒரே சாயத்தைக் கலந்து உச்சி முதல் நுனி வரை பூசினால், பட்டைகள் மறையாது. நிறம் மாறிய மூன்று பட்டைகளாக அப்படியே நிற்கும்.

இந்தக் கோலம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால், திருத்துவதற்கான கணக்கும் தெரிந்துவிடும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தலைமுடியின் நீளம் 45 செ.மீ. அந்தப் பெண் சில வருடங்கள் கடையில் வாங்கிய கருப்பு டையை வீட்டிலேயே போட்டுவந்தார். பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக எதுவும் போடவில்லை. அதன்பின் ஒரு பார்லரில் முடி முழுவதும் வெளிர்பழுப்பு கலர் போட்டுக்கொண்டார். அதற்கும் ஆறு மாதம் ஆகிவிட்டது. இப்போது வேரிலிருந்து 7 செ.மீ. வரை சாயமே படாத முடி. அடுத்த 15 செ.மீ. வெளிர்பழுப்பு. மீதி நுனி வரை கருப்பு.

நடுப்பகுதி வெளிறி, நுனி கருப்பாகவே நின்றதற்குக் காரணம் ஒன்றுதான்: சாயம் சாயத்தை வெளுக்காது. நிரந்தரச் சாயத்தின் மூலப்பொருள்கள் சிறு மூலக்கூறுகளாக முடிக்குள் நுழைந்து, அங்கே பெராக்சைடு பட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகித் தங்கிவிடுகின்றன. அடுத்து ஒரு வெளிர் கலரைப் போட்டால், அதிலுள்ள பெராக்சைடு முடியின் இயற்கை நிறமியான மெலனினைத்தான் கரைக்கும். உள்ளே தங்கிய செயற்கை நிறத்தை அதனால் அதிகம் அசைக்க முடியாது. எனவே அந்தப் பார்லர் கலர், சாயம் படாமல் வளர்ந்திருந்த 15 செ.மீ. முடியை மட்டும் வெளுத்தது. பழைய கருப்பின் மேல் அது எடுபடவே இல்லை.

திருத்தத்தின் முதல் வேலை, வரலாறு கேட்பது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 செ.மீ. வளர்கிறது. ஆகவே 45 செ.மீ. நுனி, மூன்று நான்கு வருடங்களுக்கு முன் தலைத்தோலை ஒட்டி இருந்த முடி. "போன மாதம் என்ன போட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதாது. நான்கு வருடக் கணக்கையும் கேட்க வேண்டும். குறிப்பாக மருதாணி, அவுரிப் பொடி, "கருப்பு மருதாணி" என்று விற்கும் பொடிகள் எப்போதாவது பட்டதா என்று கேட்க வேண்டும். அவுரி படிந்த முடியை வெளுத்தால் பச்சை தட்டக்கூடும். சில பொடிகளில் உலோக உப்புகள் இருக்கலாம். அவை பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடேறி, புகைந்து, அறுந்துபோகும்.

பதில் எதுவானாலும், நுனியிலிருந்து ஒரு சிறு கற்றையை வெட்டிச் சோதித்துவிடுவது நல்லது. 30 மி.லி. 20 வால்யூம் டெவலப்பரில் இருபது சொட்டு அம்மோனியாக் கரைசல் விட்டு, அந்தக் கற்றையை அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். நுரை பொங்கினாலோ, கிண்ணம் சூடானாலோ, நிறம் சட்டென்று மாறினாலோ உலோக உப்பு இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த முடியில் பிளீச்சும் வேண்டாம், கலரும் வேண்டாம். அது வளர்ந்து, வெட்டிப்போகும் வரை காத்திருப்பதே வழி.

அடுத்தது, எந்த நிறத்தை இலக்காக வைப்பது. கருப்பை 1 என்றும் மிக வெளிர் பொன்னிறத்தை 10 என்றும் லெவல் எண்ணில் குறிப்பது இத்தொழிலின் வழக்கம். நம் உதாரணத்தில் வேர்ப்பகுதி 3, நடுப்பகுதி 6, நுனி 1. வருகிறவர் நடுப்பகுதியைக் காட்டி, "இதே நிறம் போதும்" என்பார். அதைக் கேட்டு இலக்கை 6 என்று வைத்தால் நுனி கெட்டுவிடும். இலக்கைத் தீர்மானிக்க வேண்டியது நுனிதான். அதுதான் பழைய முடி, பலமுறை சாயம் ஏறிய முடி, வெளுக்கவும் கடினமானது. அது பத்திரமாக எதுவரை வருமோ அதுவே முழுத் தலைக்கும் இலக்கு.

அதை அறிய நுனியில் ஒரு கற்றையைப் பிரித்து, கலர் ரிமூவர் போட்டுப் பார்க்க வேண்டும். இது பிளீச் அல்ல. உள்ளே பெரிதாகிச் சேர்ந்த சாய மூலக்கூறுகளைப் பிரித்துச் சிறிதாக்கும், பிறகு அவை தண்ணீரோடு வெளியேறும். மெலனினை இது தொடாது. கருப்பு போனபின் தெரிவது பழைய முடியின் சொந்த நிறமும் அல்ல. முன்பு டெவலப்பர் சற்று வெளுத்து வைத்த செம்பழுப்புதான் தெரியும். நம் கற்றை 4-க்கு வருகிறது என்று கொள்வோம். ஈரமாக இருக்கும்போது அதை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். சற்று நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பினால் இன்னும் ஒரு படி வெளுக்க இடம் இருக்கிறது. ரப்பர் போல நீண்டு திரும்பாமல் நின்றாலோ, அறுந்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இந்த முடி தாங்குகிறது. ஆகவே இலக்கு 5, நடுத்தரப் பழுப்பு.

இனிதான் ஃபார்முலா. ஒரே இலக்குக்கு மூன்று கலவைகள் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பகுதியும் அந்த 5-க்கு வெவ்வேறு திசையிலிருந்து வருகிறது. நுனி கருப்பைக் கழற்றிவிட்டு மேலேற வேண்டும். வேர்ப்பகுதி 3-லிருந்து 5-க்கு ஏற வேண்டும். நடுப்பகுதி 6-லிருந்து ஒரு படி இறங்க வேண்டும்.

முதலில் நுனி. ரிமூவரைக் கருப்புப் பகுதியில் மட்டும் பூசி, பாக்கெட்டில் சொன்ன நேரம் வைத்து, நீண்ட நேரம் அலச வேண்டும். இந்த அலசலைச் சுருக்குவதுதான் பலர் செய்யும் தவறு. பிரிந்த சாயத் துணுக்குகள் முடிக்குள் மிச்சமிருந்தால், அடுத்து பெராக்சைடு பட்டதும் மறுபடி சேர்ந்து கருத்துவிடும். ஒரு சிறு இழையில் டெவலப்பரைத் தொட்டுவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கருத்தால் இன்னும் அலச வேண்டும். பிறகு 4-லிருந்து மேலேற்ற, பிளீச் பொடி, 20 வால்யூம் டெவலப்பர், ஷாம்பு மூன்றையும் சம அளவு கலந்து, ஈரமான நுனியில் மட்டும் பூசி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பளிச்சென்ற செவ்வாரஞ்சு தெரிந்ததும் அலசிவிடலாம். மஞ்சள் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 5-ல் நிற்கும் முடிக்கு அடியில் இயற்கையாக இருக்க வேண்டிய நிறமே செவ்வாரஞ்சுதான்.

இரண்டாவது, வேர்ப்பகுதி. சாயம் படாத முடி என்பதால் இங்கே நிரந்தரக் கலரே வெளுத்து நிறமும் ஏற்றும். இரண்டு படி ஏற 20 வால்யூம், அதாவது 6 சதவீதப் பெராக்சைடு போதும். 30 வால்யூம் போட்டால் இலக்கைத் தாண்டிச் செம்பட்டை அடிக்கும். 3-லிருந்து 5-க்கு ஏறும்போது உள்ளிருந்து சிவப்பும் ஆரஞ்சும் வெளிப்படும். அவற்றை அடக்கக் கொஞ்சம் சாம்பல் டோன் வேண்டும். 30 கிராம் 5 இயற்கைப் பழுப்பு, 10 கிராம் 5 சாம்பல் பழுப்பு, 60 மி.லி. டெவலப்பர். தலைத்தோலை ஒட்டிய ஒன்றரை செ.மீ. உடல் சூட்டால் வேகமாக வெளுக்கும். அதை விட்டுவிட்டு மீதியில் முதலில் பூசி, பதினைந்து நிமிடம் கழித்து அந்த இடத்தில் பூச வேண்டும். இல்லாவிட்டால் உச்சி மட்டும் செம்பட்டையாக மின்னும்.

மூன்றாவது, நடுப்பகுதி. இங்கே வெளுக்க எதுவும் இல்லை, நிறம் ஏற்றினால் போதும். அம்மோனியா இல்லாத டெமி பெர்மனன்ட் கலரும், 2 சதவீத அளவிலான மெல்லிய டெவலப்பரும் சரியாக இருக்கும். ஒருமுறை வெளுத்த முடியில் உள்ளிருக்கும் சிவப்புச் சாயல் குறைந்திருக்கும். அதன்மேல் சாம்பல் டோன் போட்டால் சேறு போல மங்கி, பச்சை தட்டும். ஆகவே வேரில் சேர்த்த சாம்பலை இங்கே விலக்கி, அந்த இடத்தில் பொன் அல்லது செம்பு டோனைச் சேர்க்க வேண்டும். 30 கிராம் 5 இயற்கைப் பழுப்பு, 10 கிராம் 5 பொன்பழுப்பு, டெவலப்பர் தயாரிப்பாளர் சொன்ன அளவில். நடுப்பகுதி 6 ஆக இல்லாமல் 8 வரை வெளிறியிருந்தால் இதுவும் போதாது. முதலில் செம்புப் பொன் டோனால் இழந்த சாயலை நிரப்பிவிட்டு, பிறகே 5-ஐ ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நான்கைந்து குளியலில் நிறம் ஓடிவிடும்.

கடைசியாக நுனிக்கு மீண்டும் டெமி கலர். இலக்கு 5 என்றாலும் இங்கே எடுக்க வேண்டியது 6. ரிமூவரும் பிளீச்சும் பட்ட நுனி துளைவிட்டிருக்கும், சாயத்தை அளவுக்கு மேல் குடிக்கும். அங்கே 5 போட்டால், அத்தனை பாடுபட்டுக் கழற்றிய கருப்பை நாமே திரும்ப ஏற்றியதாகிவிடும். 20 கிராம் 6 இயற்கை, 10 கிராம் 6 சாம்பல் என்ற கலவை, அடியிலுள்ள செவ்வாரஞ்சோடு சேர்ந்து 5 ஆகத் தெரியும்.

வேர்க் கலவையைத் தலைத்தோலில் பூசியபின் மற்ற இரண்டையும் பூசிக்கொண்டால் மூன்றையும் சேர்ந்து அலசலாம். நுனி முந்திக்கொண்டால் அதை மட்டும் முன்னதாகத் துடைத்துவிட வேண்டும். வேர்க் கலவை நடுப்பகுதிமேல் வழியாமல் எல்லையில் பஞ்சுப் பட்டை வைப்பது அவசியம். வழிந்த இடத்தில் மறுபடி ஒரு பட்டை விழும். டோன் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே மூன்று கலவையையும் அந்தந்த இடத்து இழையில் சோதித்தபின்தான் முழுத் தலைக்கும் போக வேண்டும். 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் ஒவ்வாமைச் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். பல வருடம் டை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் ஒவ்வாமை புதிதாக வரலாம்.

நுனி ஒரே நாளில் 5-க்கு வராமல் போகலாம். அப்போது இலக்கை 4 ஆக இறக்குவதோ, கருப்புப் பகுதியில் பாதியை வெட்டிவிடுவதோ, சில வாரம் விட்டு மறுபடி முயல்வதோ நேர்மையான வழிகள். வலுவான பிளீச்சால் அன்றைக்கே முடிக்க முயன்றால் நிறம் வரும், முடி நிற்காது. வேலை சரியாக முடிந்திருந்தால், அடுத்த முறை கலர் புதிதாக வளர்ந்த வேரில் மட்டுமே பட வேண்டும். ஒவ்வொரு முறையும் மிச்சக் கலவையை நுனி வரை இழுத்துவிடும் பழக்கம்தான், தெரியாமலே அடுத்த கருப்பு நுனியைக் கட்டியெழுப்புகிறது.