இருவாயில் வலையமைப்பும் அதன் நான்கு எண்களும்

இரண்டு முனைகள் உள்ளே செல்ல, இரண்டு முனைகள் வெளியே வரும் மின்சுற்றை இருவாயில் வலையமைப்பு என்பார்கள். ஒலிபெருக்கி, வடிகட்டி, மின்மாற்றி, தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் இப்படிப் பார்க்கலாம். ஒவ்வொரு முனை இணையும் ஒரு வாயில். அதன் ஒரு முனையில் நுழையும் மின்னோட்டம் முழுவதும் மறுமுனை வழியே வெளியேற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இரண்டு வாயில்களின் மின்னழுத்தங்கள் V1, V2 என்றும், மின்னோட்டங்கள் I1, I2 என்றும் குறிக்கப்படுகின்றன. இரு மின்னோட்டங்களும் மேல்முனை வழியாகப் பெட்டிக்குள் நுழைவதாகக் கொள்வது மரபு. உள்ளே தனிப்பட்ட மின்மூலம் எதுவும் இல்லாத நேரியல் சுற்றுக்கு இந்த நான்கையும் இரண்டு சமன்பாடுகள் இணைக்கின்றன:

V1 = Z11·I1 + Z12·I2
V2 = Z21·I1 + Z22·I2

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துக் கிடைப்பதால் நான்கு Z-களுக்கும் அலகு ஓம். இவையே இம்பீடன்ஸ் அளவுருக்கள். இவற்றைக் கண்டறியும் வழி சமன்பாடுகளிலேயே இருக்கிறது. இரண்டாம் வாயிலைத் திறந்துவிட்டால் I2 சுழியாகிறது. Z12, Z22 உள்ள உறுப்புகள் மறைகின்றன. அப்போது Z11 = V1/I1, Z21 = V2/I1. முதல் வாயிலைத் திறந்துவிட்டு இரண்டாவதில் மின்னழுத்தம் கொடுத்தால் Z12 = V1/I2, Z22 = V2/I2 கிடைக்கும். ஆக, இரண்டு திறந்த சுற்றுச் சோதனைகள் போதும்.

ஓர் எடுத்துக்காட்டைத் தாளில் வரைந்து பார்க்கலாம். முதல் வாயிலுக்குக் குறுக்கே 20 ஓம் மின்தடை, இரண்டாம் வாயிலுக்குக் குறுக்கே 10 ஓம், இரண்டின் மேல்முனைகளையும் இணைக்க இன்னொரு 20 ஓம். கீழ்முனைகள் இரண்டுக்கும் ஒரே பொதுக் கம்பி.

முதல் சோதனையில் இரண்டாம் வாயில் திறந்திருக்கிறது. முதல் வாயிலில் 12 வோல்ட் கொடுக்கப்படுகிறது. குறுக்கே உள்ள 20 ஓமில் 0.6 ஆம்பியர் பாயும். மற்றப் பாதையில் 20 ஓமும் 10 ஓமும் தொடராக இருப்பதால் மொத்தம் 30 ஓம்; அதில் 0.4 ஆம்பியர். எனவே I1 = 1 ஆம்பியர். 10 ஓமில் 0.4 ஆம்பியர் பாய்வதால் V2 = 4 வோல்ட். ஆகவே Z11 = 12 ஓம், Z21 = 4 ஓம்.

இரண்டாம் சோதனையில் முதல் வாயிலைத் திறந்து, இரண்டாவதில் 8 வோல்ட் கொடுக்கலாம். 10 ஓமில் 0.8 ஆம்பியர், இரண்டு 20 ஓம்களும் தொடராக அமைந்த 40 ஓம் பாதையில் 0.2 ஆம்பியர்; I2 = 1 ஆம்பியர். V1 என்பது 0.2 × 20 = 4 வோல்ட். ஆகவே Z12 = 4 ஓம், Z22 = 8 ஓம்.

Z12, Z21 இரண்டும் சமமாக வந்தது தற்செயல் அல்ல. மின்தடை, மின்தேக்கி, மின்தூண்டி மட்டுமே உள்ள சுற்றில் அவை சமமாகத்தான் இருக்கும். வேறுபட்டால் கணக்கில் பிழை. டிரான்சிஸ்டர் போன்ற உறுப்பு உள்ள சுற்றில் மட்டும் இந்தச் சரிபார்ப்பு பொருந்தாது.

நான்கு எண்களும் கிடைத்தபின் உள்ளே இருப்பதைப் பார்க்கத் தேவையில்லை. இரண்டாம் வாயிலில் 4 ஓம் சுமையை இணைத்து, முதல் வாயிலில் 32 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? சுமையில் பாயும் மின்னோட்டம் பெட்டியை விட்டு வெளியேறுவதால் V2 = −4·I2. இரண்டாம் சமன்பாட்டில் இட்டால் I2 = −I1/3. முதல் சமன்பாடு 32 = 12·I1 − (4/3)·I1 என்றாகி, I1 = 3 ஆம்பியர், I2 = −1 ஆம்பியர், V2 = 4 வோல்ட் என்று கிடைக்கிறது. மூல வரைபடத்தில் சரிபார்த்தால், இணைப்பு மின்தடையில் 28 வோல்ட் விழுந்து 1.4 ஆம்பியர் பாய்கிறது. அதில் 1 ஆம்பியர் சுமைக்கும் 0.4 ஆம்பியர் 10 ஓமுக்கும் செல்கிறது. கணக்கு ஒத்துப்போகிறது.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்தக் கழித்தல் குறியில்தான். அதை விட்டுவிட்டால், சுமையே மின்சாரம் தருவது போன்ற விடை வரும். இன்னொரு தவறு, Z11-ஐ எப்போதும் உள்ளீட்டு இம்பீடன்ஸாகக் கொள்வது. மேலே சுமை இணைந்ததும் உள்ளீடு 32/3, அதாவது ஏறத்தாழ 10.67 ஓமாகக் குறைந்தது. 12 ஓம் என்பது மறுவாயில் திறந்திருக்கும் நிலைக்கு மட்டுமே உரியது. மின்தேக்கியோ மின்தூண்டியோ இருந்தால் இந்த எண்கள் கலப்பெண்களாகி, அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும்.

எல்லாச் சுற்றுக்கும் Z அளவுருக்கள் இருப்பதில்லை. மேற்கண்ட சுற்றில் குறுக்கே உள்ள இரண்டு மின்தடைகளையும் நீக்கி, நடுவில் உள்ளதை மட்டும் விட்டால், ஒரு வாயில் திறந்தவுடன் மின்னோட்டம் பாய வழியே இல்லை. சுழியால் வகுக்க நேரிடும். அத்தகைய சுற்றுக்கு வாயில்களைக் குறுக்குச் சுற்றாக்கிச் சோதித்து, மின்னழுத்தத்தின் வழியே மின்னோட்டத்தைத் தரும் Y அளவுருக்களைப் பயன்படுத்த வேண்டும்.