சாவு வீட்டில் ஏன் சுண்ணம் இடிக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் போன வருஷம் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார். அவருடைய அம்மா இறந்த முப்பத்தோராம் நாள் அச்சிட்டது. "இதை நாங்கள் கல்வெட்டு எண்டு சொல்லுவம்" என்றார். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, காகிதம்தான். அதைப் புரட்டப் போய்த்தான் ஈழத்துச் சைவர்களின் மரணச் சடங்குகளைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் ஆரம்பித்தேன். எனக்குப் பிடிபட்ட விஷயம் இதுதான்: ஒவ்வொரு கட்டத்திலும் பாட்டு உண்டு, ஆனால் யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்பது மாறிக்கொண்டே போகிறது.

முதல் கட்டம், உயிர் பிரியும் நேரம். நெற்றியில் திருநீறு பூசி, வாயில் பாலோ தண்ணீரோ விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சிவபுராணம் படிப்பார்கள். 95 அடிதான், பலருக்கும் மனப்பாடம். கடைசி நினைவு இறைவன் மேல் இருக்கணும் என்பது நம்பிக்கை. போகிறவரால் வாய் திறந்து சொல்ல முடியாது, அதனால் மற்றவர்கள் அவருக்காகச் சொல்கிறார்கள். இங்கே பாட்டு இறைவனைப் பார்த்து, காது போகிறவருடையது.

உயிர் போனதும் ஒப்பாரி. பெண்கள் உடலைச் சுற்றி உட்கார்ந்து, "என்ரை ராசா", "என்னைப் பெத்த அம்மா" என்று இறந்தவரையே கூப்பிட்டு அழுவார்கள். இதில் தத்துவம் எதுவும் கிடையாது. கோபம், குறை, கேள்வி எல்லாம் வெளியே வந்துவிடும்.

அடுத்துதான் என்னை ஆச்சரியப்படுத்திய கட்டம். கிரியையின் நடுவே உரலில் மஞ்சள் முதலானவற்றைப் போட்டு, உறவினர்கள் உலக்கையால் இடிப்பார்கள். அந்தச் சுண்ணத்தை உடலுக்குச் சாத்துவார்கள். இடிக்கும்போது பாடுவது திருவாசகத்தில் வரும் திருப்பொற்சுண்ணம். பேரப்பிள்ளைகள் எரியும் பந்தம் பிடித்து நிற்பார்கள்.

திருப்பொற்சுண்ணம் சாவுப் பாட்டே இல்லை. இறைவன் நீராடுவதற்கு வாசனைப் பொடி இடிக்கும் பெண்கள், விளக்கு வை, கொடி எடு என்று ஒருவரை ஒருவர் அழைத்துக் குதூகலமாகப் பாடுவதுபோல் மாணிக்கவாசகர் எழுதிய 20 பாட்டுகள். அதை ஏன் இங்கே பாடணும்? உடலைக் குளிப்பாட்டி அனுப்பும் வேலையை, இறைவனுக்கான திருமஞ்சனமாக அந்தப் பாட்டு மாற்றிவிடுகிறது. கடைசிப் பாட்டு, துன்பமும் இன்பமும், கட்டும் விடுதலையும், தொடக்கமும் முடிவும் அவனே என்று முடிகிறது. இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. ஒப்பாரிக்குத் தாளம் கிடையாது, உலக்கைக்கு உண்டு. அழுதுகொண்டிருந்தவர் கையில் ஒரு வேலை வந்ததும் மூச்சு ஒழுங்குக்கு வந்துவிடும்.

ஆனால் பாட்டுத் தெரிந்தவர்கள் இல்லாவிட்டால் இது சரியாக நடக்காது. புலம்பெயர்ந்த நாடுகளில் மண்டபத்தை மணிக்கணக்கில்தான் வாடகைக்கு எடுக்க முடியும். நண்பரின் சித்தப்பாவுக்கு லண்டனில் ஒலிப்பதிவைப் போட்டார்களாம். "பாட்டு ஓடினது, நாங்கள் சும்மா நிண்டம்" என்றார். வார்த்தைகள் எல்லாம் இருந்தன, இடிக்கிற கைதான் இல்லை.

கடைசிக் கட்டம் முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. கீரிமலை போன்ற தீர்த்தக் கரையில் கிரியை முடிந்து, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டைக் கொடுப்பார்கள். அதில் தேவார திருவாசகம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று செய்யுள்கள் இருக்கும். முதல் நாள் அழுகை இங்கே எழுத்தாக அடங்கிவிடுகிறது. நூலகம் இணையதளத்தில் இப்படிப்பட்ட நினைவு மலர்கள் நிறைய சேமித்திருக்கிறார்கள். ஊர் வரலாறும் வம்சாவளியும் தேடுகிறவர்களுக்குப் பொக்கிஷம்.

எனக்கு அதில் பிடித்தது திதி வெண்பா. நாலே அடியில் இறந்த வருஷம், மாதம், பட்சம், திதி எல்லாம் வந்துவிடும். ஆங்கிலத் தேதி மட்டும் தெரிந்தால் போதாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரமாதி வருஷம் மார்கழி மாதம் தேய்பிறை ஏகாதசியில் ஒருவர் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அது 2000 ஜனவரி 2-ஐ ஒட்டி வரும். அடுத்த வருஷத்து மார்கழித் தேய்பிறை ஏகாதசியோ 2000 டிசம்பர் 21-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. ஆங்கிலத் தேதியை வைத்துக் காத்திருந்தால் திவச நாள் தாண்டிப் போயிருக்கும். வெண்பா தெரிந்தால் பஞ்சாங்கத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கலாம். எதுகை மோனை இருப்பதால் ஒரு சொல் மாறினாலும் காதில் இடறும். பிழை கண்டுபிடிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது!

அதைப் படித்த அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பா போய் பதினோரு வருஷம் ஆச்சு. தேதி எனக்குத் தெரியும், திதி தெரியாது. அம்மா யோசிக்கவே இல்லை. "ஆவணி, வளர்பிறை சப்தமி. ஏன்டா, இப்பத்தான் கேக்கணும்னு தோணிச்சா?" என்றார்.

எழுதி வைத்துக்கொண்டேன். வெண்பா எழுத வரவில்லை.