DSC_0423 யார் எடுத்த நாரை?

எங்கள் புகைப்படக் கழகத்துக்கு நான் செயலாளராகி ஆறு வருஷமாகிறது. சந்தா பாக்கி கேட்டு எழுதிய கடிதங்களுக்குக்கூட யாரும் இவ்வளவு கோபப்பட்டதில்லை. ‘படங்களை அனுப்பும்போது கோப்புக்கு இப்படித்தான் பெயர் வைக்க வேண்டும்’ என்று எழுதியதும் ஆளாளுக்கு ஃபோனை எடுத்துவிட்டார்கள். “படம் எடுக்கவா சேர்ந்தோம், குமாஸ்தா வேலை பார்க்கவா?” என்றார் ஒருவர். முதல் கடிதத்தில் ஒன்பது விதிகளை எண் போட்டு அடுக்கியிருந்தேன். காரணம் ஒன்றுகூடச் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான். இரண்டாவது கடிதத்தில் விதிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, வேடந்தாங்கலில் நடந்ததை எழுதினேன்.

2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் போயிருந்தோம். மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டி உட்கார்ந்திருந்த சமயம். திரும்பி வந்து எல்லோருமாக அனுப்பிய படங்கள் 640. காப்பகத்தில் எண்ணிப் பார்த்தால் 631. யாரும் எதையும் அழிக்கவில்லை, வட்டும் பழுதாகவில்லை. ஒன்பது படம் எங்கே போனது?

எங்கள் காப்பகத்தைப் பராமரிப்பது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். உறுப்பினர் ஒருவரின் மகள் எழுதிக் கொடுத்தது, நாற்பது வரிகூட இருக்காது. வந்த படங்களை ஒவ்வொன்றாக எடுக்கும், பெயரைப் பார்த்து உரிய கோப்புறையில் போடும், பட்டியலில் ஒரு வரி சேர்க்கும். படத்தைத் திறந்தே பார்க்காது. நாரையா நாய்க்குட்டியா என்பது அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பெயர் ஒன்றுதான்.

அந்தப் பெயரை வைப்பது கேமரா. 1998-இல் ஜப்பானில் வகுத்த டிசிஎஃப் என்ற விதியைத்தான் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. பெயரில் மொத்தம் எட்டு இடம்: முதல் நாலு எழுத்துக்கு, அடுத்த நாலு எண்ணுக்கு. DSC_0423, IMG_0423 என்றெல்லாம் வருவது இதனால்தான். எண் 9999 வரை போகும், பிறகு மறுபடி 0001. ஒரே கம்பெனி கேமரா வைத்திருக்கும் இருவர் ஒரே எண்ணில் படம் எடுப்பது அதிசயமே இல்லை. நிறைய எடுப்பவராக இருந்தால், ஒரே வருஷத்தில் அவர் ஒருவரிடமே இரண்டு DSC_0423 சேர்ந்துவிடும்.

அன்று அதுதான் நடந்தது. கூட்டில் நிற்கும் நாரையை ஒருவர் எடுத்திருந்தார், ஏரியில் இறங்கும் நாரையை இன்னொருவர். இரண்டுக்கும் பெயர் DSC_0423. ஸ்கிரிப்டில் இருந்த வரி இது:

```
mv "$f" "archive/vedan/$f"
```

போகிற இடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், mv அதன் மேலேயே எழுதிவிடும். கேட்காது, எச்சரிக்காது. இரண்டாவது நாரை வந்து உட்கார்ந்ததும் முதல் நாரை போயேவிட்டது. இப்படி ஒன்பது எண்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தன. நல்லவேளையாக மெமரி கார்டை அவர் இன்னும் அழித்திருக்கவில்லை.

இப்போது அந்த வரியில் mv -n என்று மாற்றியிருக்கிறோம். அதே பெயர் இருந்தால் இனி மேலே எழுதாது. ஆனால் இரண்டாவது படம் காப்பகத்துக்குள் போகாமல் வாசலிலேயே நிற்கும். படம் பிழைத்தது, அவ்வளவுதான். உள்ளே போக அதற்கென்று தனிப் பெயர் வேண்டும். இரண்டாவது கடிதத்தில் விதிகளுக்குப் பதில் ஒரே ஒரு மாதிரிப் பெயர் கொடுத்தேன்:

```
20240121_vedan_m07_0423.jpg
```

தேதி, இடம், உறுப்பினர் எண், கேமரா கொடுத்த கடைசி நாலு எண். பெயரின் முதலெழுத்துக்குப் பதிலாக உறுப்பினர் எண் ஏன் என்றால், எங்களிடம் ‘எஸ்’ மட்டுமே ஐந்து பேர். DSC-ஐ விட்டுவிடச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஸ்கிரிப்ட் அடிக்கோடு வரும் இடத்திலெல்லாம் பெயரை வெட்டி நாலு துண்டாக்குகிறது. DSC_0423 என்று அப்படியே விட்டால் அதில் ஓர் அடிக்கோடு கூடுதல், துண்டு ஐந்தாகிவிடும்.

தேதியில் வருஷம் ஏன் முதலில் என்று பலர் கேட்டார்கள். நாம் எழுதுவது நாள், மாதம், வருஷம் என்ற வரிசையில். கணினி பெயர்களை இடமிருந்து வலமாக ஒப்பிட்டு அடுக்குகிறது. நாள் முதலில் இருந்தால் ஜனவரி 21, மே 21, போன வருஷத்து 21 எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். வருஷம் முதலில் இருந்தால் படங்கள் எடுத்த வரிசையிலேயே நிற்கும். இதில் எங்களுக்கு ஒரு வேடிக்கையும் நடந்தது. ஒருவர் பழக்கதோஷத்தில் 21012024 என்று போட்டுவிட்டார். எட்டு இலக்கம் சரியாக இருந்ததால் ஸ்கிரிப்ட் மறுப்புச் சொல்லவில்லை, முதல் நாலு இலக்கத்தை வருஷமாக எடுத்துக்கொண்டது. காப்பகத்தில் 2101 என்று ஒரு கோப்புறை முளைத்திருந்தது. பெயரின் வடிவத்தைத்தான் ஸ்கிரிப்ட் சோதிக்கும், உண்மையை அல்ல. கேமரா கடிகாரம் தப்பாக ஓடினாலும் அதற்குத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாதீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த தேதி உள்ளிட்ட தகவல்கள் கழன்றுவிடும், பெயரும் மாறிவிடும். ஆவணமாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு உண்மையிலேயே சங்கடம் தந்த கேள்வி எங்கள் மூத்த உறுப்பினர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கேட்டதுதான். “தம்பி, ‘கொக்கு’ன்னு தமிழ்ல பேர் வெச்சா உங்க ஸ்கிரிப்ட்டுக்கு என்ன கஷ்டம்?”

“ஐயா, நீங்க எழுதுற ‘கொ’வும் நான் எழுதுற ‘கொ’வும் ஒண்ணுதானான்னு அதுக்குத் தெரியாது” என்றேன். அவர் சிரித்தார். ஆனால் விஷயம் அதுதான். யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ‘ொ’ என்ற ஒற்றைக் குறி சேர்ந்தது ஒரு விதம். ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று தனிக் குறிகளாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று, கணினிக்குள் வேறு வேறு. பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரை இரண்டாவது விதமாகப் பிரித்தே வைத்துக்கொள்ளும். ஐயா வீட்டில் இருப்பது அப்படியொரு மேக். அவர் அனுப்பிய ‘கொக்கு’வை நான் என் கணினியில் தட்டித் தேடினால் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று பதில் வரும், கோப்பு கண்ணெதிரே இருக்கும்போதே. கோ, கௌ வரிசைக்கும் இதே கதைதான்.

தமிழை ஒதுக்கவில்லை, இடம் மாற்றினோம். படத்துக்குள்ளேயே விளக்கம் எழுத ஒரு பகுதி உண்டு. பறவையின் பெயர், ஊர், அன்றைய சேதி எல்லாம் அங்கே தமிழில். அங்கேயும் தேடும்போது இந்தச் சிக்கல் தலைகாட்டும். ஆனால் எந்தக் கோப்புறைக்குப் போவது என்பது அதை வைத்து முடிவாவதில்லை. இப்போது ஐயாவின் விளக்கங்கள்தான் காப்பகத்திலேயே நீளமானவை.

போன மாதம் வந்த கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. திரௌபதி அம்மன் கோயில் கூத்தை விடிய விடிய எடுத்த ஒருவர் கேட்டார்: “ராத்திரி பத்து மணிக்கு வேஷம் கட்டுற படம் ஒரு தேதி, காலைல படுகளம் அடுத்த தேதி. ஒரே கூத்து ரெண்டு தேதியில உடையுதே, என்ன செய்ய?” கமிட்டியில் ஒரு மணி நேரம் பேசினோம். கேமரா சொல்லும் தேதியே பெயரில் இருக்கட்டும், கூத்து தொடங்கிய நாளை விளக்கத்தில் எழுதட்டும் என்று முடிவானது. அவருக்கு அதில் திருப்தியில்லை. படுகளம் தனியாகக் கிடக்கிறது என்கிறார் இன்னும்.